மூன்றாம் நாள் வயிறு மத்தளம் ஆனது: நார்ச்சத்துப் பொடியோடு நான் பட்ட பாடு

டப்பாவின் முதுகில் ‘தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு கரண்டி’ என்று போட்டிருந்தது. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கூத்துக்கும் அந்த ஒரு வரிதான் காரணம்.

உள்ளே இருந்த கரண்டி 5 கிராம் பிடிக்கும். ஆக ஒரு நாளைக்கு 20 கிராம். பெரியவர்களுக்கு மொத்தச் சாப்பாட்டிலிருந்தும் தினமும் 25 முதல் 38 கிராம் வரை நார்ச்சத்து தேவை என்பார்கள். நான் அதுவரை சாப்பிட்டு வந்தது 15 கிராமைத் தாண்டியிருக்காது. அதாவது ஒரே ராத்திரியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டேன். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வயிற்றில் குடுகுடு சத்தம். மூன்றாம் நாள் மதியம், பத்துப் பேர் உட்கார்ந்திருந்த அறையில், பேன்ட் பட்டனை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தொப்புளுக்குக் கீழே, இடது பக்கமாக, துணியைப் பிழிகிற மாதிரி ஒரு பிடிப்பு வரும். மூன்று நான்கு நிமிடம் நிற்கும். காற்று பிரிந்தால் விடும். பிரியாவிட்டால் (அந்த அறையில் எப்படிப் பிரிய?) கொஞ்சம் மேலே ஏறி மறுபடி பிழியும். மலச்சிக்கலுக்காக ஆரம்பித்த பொடி. மலச்சிக்கல் அப்படியே இருந்தது, கூட இதுவும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் இரண்டு நிமிடம் கேட்டார். “ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க” என்று சொல்லி, அமிலத்துக்கு ஒரு மாத்திரை, வாயுவுக்கு ஒரு சிமெத்திகோன் மாத்திரை எழுதினார். சிமெத்திகோன் சின்னச் சின்னக் குமிழிகளைச் சேர்த்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். பெருங்குடலில் வாயு உற்பத்தியாவதை அது நிறுத்தாது. எனக்கு ஒரு துளி வித்தியாசமும் தெரியவில்லை.

சரி என்று பொடியை விட்டேன். இரண்டு நாளில் வயிறு அடங்கியது. ஐந்தாவது நாள் மலச்சிக்கல் பழையபடி வந்து நின்றது. மறுபடி பொடி, மறுபடி அதே நாலு கரண்டி. மறுபடி மத்தளம், மறுபடி நிறுத்தினேன். இப்படி இரண்டு சுற்று. ஒவ்வொரு முறையும் வயிறு கொஞ்சம் பழகத் தொடங்கும் நேரத்தில் நிறுத்தி, அப்புறம் முழு அளவிலேயே தொடங்கியிருக்கிறேன். மோசமான முதல் சில நாட்களை மட்டும் திரும்பத் திரும்ப அனுபவித்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் நல்ல நாட்களைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டு. நேரத்தைக் குறித்து வைத்தேன். காலை எட்டு மணிக்குப் பொடி என்றால் ஒரு மணி வாக்கில் உப்புசம் தொடங்கியது. ராத்திரி பத்துக்கு என்றால் விடியற்காலை நான்கு மணிக்கு வயிறு எழுப்பிவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து ஆறு மணி நேர இடைவெளி. இந்தக் குறிப்புதான் பின்னால் கைகொடுத்தது.

அடுத்ததாகப் பார்த்த குடல் நோய் மருத்துவரிடமும் முதல் நாள் வீண் அலைச்சல்தான், ஆனால் அது என் தப்பு. “என்ன பொடி?” என்று கேட்டார். “நார்ச்சத்துப் பொடி டாக்டர்” என்றேன். “அது புரியுது. எந்த நார்ச்சத்து?” எனக்குத் தெரியவில்லை. டப்பாவையும் கொண்டுபோகவில்லை, படமும் எடுத்து வைக்கவில்லை. “கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார். நீங்கள் போவதானால் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முன்பக்கத்தில் இருக்கும் பெயரும் இலைப் படமும் யாருக்கும் உதவாது.

இரண்டாவது தடவை டப்பாவோடு போனேன். பின்பக்கத்தைப் படித்ததுமே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அதில் இருந்த நார்ச்சத்து முழுக்க இனுலின் என்ற வகை. கூடவே, ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று பெருமையாகப் போட்டிருந்தார்களே, அந்த இனிப்புக்கு சார்பிட்டால். இதுவும் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகிற சரக்குதான்.

அவர் விளக்கியது இப்படி. நார்ச்சத்தைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை. அது சிறுகுடலை அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அதற்குத்தான் அந்த ஐந்து ஆறு மணி நேரம். “சாப்பிட்ட அரை மணியில வலிச்சிருந்தா நான் வேற யோசிச்சிருப்பேன்” என்றார். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்கின்றன. குடலுக்கு நல்லது செய்யும் சில அமிலங்கள் கிடைக்கின்றன, கூடவே ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். இனுலின் இந்த விஷயத்தில் மகா வேகம். பெருங்குடலின் முதல் பகுதியிலேயே படபடவென்று நொதித்துவிடும். வாயு கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் ரத்தத்தில் கலந்து மூச்சு வழியாகவோ, கீழ் வழியாகவோ சத்தமில்லாமல் போய்விடும். ஒரே நேரத்தில் வந்தால் குடல் சுவர் விரிகிறது. அந்த விரிவுதான் வலி.

அப்புறம் வயிற்றை அழுத்திப் பார்த்தார். இடது பக்கம் கீழே கை நின்றது. “ஒழுங்கா வயிறு சுத்தமா போய் எத்தனை நாள் ஆச்சு?” யோசித்துப் பார்த்தால் தினமும் போகிறேன், ஆனால் சுத்தமாகப் போய்ப் பத்து நாளுக்கு மேல் இருக்கும். “வாசல்ல மூட்டையை அடுக்கி வச்சிட்டு உள்ளே கூட்டத்தைச் சேர்த்தா எப்படிங்க?” என்றார். தேங்கிய மலம் வழியை அடைத்துக்கொண்டிருக்க, பின்னால் வாயு சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. முதல் கிளினிக்கில் யாரும் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

முதலில் அடைப்பை எடுக்க, தண்ணீரைக் குடலில் நிறுத்தி மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கி. நாலு நாள் எடுத்தேன், வேலை செய்தது. அது முடிந்த பிறகே நார்ச்சத்து. இந்த முறை இனுலின் இல்லை, இசப்கோல் உமி. இது தண்ணீரை இழுத்துக் கூழாகிக் கடைசிவரை அப்படியே போகும்; பாக்டீரியாக்களுக்கு அதிகம் அகப்படாது. அதனால் வாயுவும் குறைவு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், இரிட்டபிள் பவல் என்ற குடல் கோளாறு உள்ளவர்களுக்கு இனுலினோடு இசப்கோலைச் சேர்த்துக் கொடுத்தபோது, இனுலின் தனியாகக் கிளப்பும் வாயு குறைந்ததை எம்.ஆர்.ஐ. படத்திலேயே பார்த்திருக்கிறார்கள்.

அளவு: நாளைக்கு 3 கிராம், ஒரே வேளை. உமி பஞ்சு மாதிரி லேசாக இருப்பதால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும். நான் சின்னத் தராசில் நிறுத்தே எடுத்தேன். ஒரு முழு டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். ஒரு நாள் கலக்கி வைத்துவிட்டு போன் பேசப் போனேன். பத்து நிமிடம் கழித்து வந்தால் டம்ளருக்குள் ஜெல்லி. கரண்டியை நிமிர்த்தி வைத்தால் சாயாமல் நின்றது. போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அது இப்படித்தான் நிற்கும் என்று அன்றைக்குப் புரிந்தது. விழுங்கச் சிரமம் உள்ளவர்களும், குடல் சுருக்கம் உள்ளவர்களும் ஏன் இதைத் தொடக் கூடாது என்கிறார்கள் என்பதும். படுக்கப் போகும் நேரத்தில் எடுக்கவே வேண்டாம். வேறு மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரம் தள்ளி.

வாயு வரவே இல்லையா என்றால், வந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உப்புசம் இருந்தது. ஆனால் பிடிப்பு இல்லை, பட்டன் கழற்றும் அளவுக்கும் இல்லை. இந்த முறை நிறுத்தாமல் பொறுத்தேன். ஏழாம் நாள் தானாக அடங்கியது. எட்டாம் நாள் 6 கிராம். மறுபடி மூன்று நாள் கொஞ்சம் ஏறி இறங்கியது. நான்காம் வாரம் 9 கிராமில் நின்றேன். நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: முந்தைய ஏற்றத்தின் வாயு இறங்கும் வரை அடுத்த கிராமைத் தொடுவதில்லை.

ஏன் இறங்குகிறது என்றும் கேட்டேன். தினமும் ஒரே தீனி கிடைத்தால் பெருங்குடலில் கூட்டமே மாறுகிறதாம். நார்ச்சத்தைத் தின்று, வாயு விடாமல் அமிலம் மட்டும் தரும் பிஃபிடோபாக்டீரியா போன்றவை பெருகுகின்றன. மற்றவை விடும் ஹைட்ரஜனைத் தின்பவையும் அதிகமாகின்றன. இந்த மாற்றத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். தினமும் கொடுத்தால்தான் அந்தக் கூட்டம் நிற்கும்; நான் முன்பு செய்ததுபோல விட்டு விட்டுக் கொடுத்தால் நிற்காது. கூடவே, மலம் தேங்காமல் நகர ஆரம்பித்ததும் வரும் வாயுவும் மாட்டிக்கொள்ளாமல் வெளியே போய்விடுகிறது.

எல்லா வலியையும் ‘பழகிவிடும்’ என்று பொறுக்கக் கூடாது என்றும் டாக்டர் அழுத்திச் சொன்னார். வாந்தி, காற்றும் மலமும் இரண்டுமே நின்றுபோய் வயிறு கல்லாவது, காய்ச்சல், ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எது வந்தாலும் பொடியை நிறுத்திவிட்டு உடனே போக வேண்டும். ஒரே அளவில் நாலு வாரம் ஆகியும் உப்புசம் குறையவில்லை என்றால் அதுவும் பழக்கப் பிரச்சினை இல்லை.

அந்தப் பழைய இனுலின் டப்பாவைத் தூக்கிப் போட மனசில்லை. எட்டாவது வாரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, 2 கிராம் மட்டும் எடுத்துப் பார்த்தேன். லேசான குடுகுடு, அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஆசைப்பட்டு 5 கிராம் போட்டேன். சரியாக ஐந்தரை மணி நேரம் கழித்து அதே இடது பக்கம், அதே பிழிச்சல். மறுநாளே 2 கிராமுக்கு இறங்கிவிட்டேன். டப்பாவோடு வந்த 5 கிராம் கரண்டியை எடுத்து எறிந்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு சின்ன உப்புக் கரண்டியைப் போட்டு வைத்திருக்கிறேன்.