சாய்ந்து நிற்கும் கதவுகள்

"தம்பி, சுவரெல்லாம் உள்ளே விழுவது போல இருக்கிறது. கொஞ்சம் நிமிர்த்திக் கொடுங்கள்." வீடு விற்றுக் கொடுக்கும் தரகர் ஒருவர் தொலைபேசியில் இப்படித்தான் சொன்னார். தாம்பரம் பக்கத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு பழைய ஃபிளாட். அவரிடம் வேலை பார்க்கும் பையன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வாசலில் தொடங்கி பால்கனி வரை நடந்தபடியே எடுத்த வீடியோ, இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். நல்ல வேளையாக 4K-யில் எடுத்திருந்தான். கடைசியில் 1080-இல்தான் வெளியாகும் என்பதால் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்க இடம் இருந்தது. அந்த இடம் இல்லையென்றால் நிமிர்த்துகிற வேலையையே நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஹாலில் சுவரோடு பொருத்திய ஒரு மர அலமாரி. அதன் இடது விளிம்பை அளந்து பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் 200-ஆவது பிக்சலில் தொடங்கி, கீழ் ஓரத்துக்கு வரும்போது 310-ஐத் தாண்டியிருந்தது. வலப்பக்கக் கதவுச் சட்டமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருந்தது. அதாவது அறை மேலே அகன்று கீழே குறுகி, ஒரு புனலைப் போல நின்றது. பையன் உயரமானவன். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து, தரையும் தெரியட்டும் என்று லேசாகக் கீழே சாய்த்திருக்கிறான். கணக்குப் போட்டால் ஐந்து டிகிரிக்குமேல் இருக்காது. அந்த ஐந்து டிகிரியே சாதாரண லென்ஸில் சட்டகத்தின் கீழ்ப்பகுதியை மேல்பகுதியைவிட ஏழு சதவீதம் குறுக்கிவிடும். 0.5 என்று காட்டும் அகல லென்ஸுக்கு மாறியிருந்தால் அதே சாய்வுக்குப் பதின்மூன்று சதவீதம் ஆகியிருக்கும். கைபேசியை நிமிர்த்தி நீள வாக்கில் எடுத்தாலும் இதே கதைதான். மேலும் கீழும் பார்வை விரிய விரியக் கோடுகள் கூடுதலாகச் சாய்கின்றன.

நான் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்கிறேன். அதன் இன்ஸ்பெக்டர் பலகத்தில் Pitch என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. படத்தை ஒரு பலகையைப் போல முன்னும் பின்னும் சாய்க்கும். ஆனால் முதலில் அதைத் தொடக்கூடாது. கை பக்கவாட்டில் சாய்ந்த கோணலை முதலில் Rotation Angle-இல் எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கக் கதவு நேராகவும் மறுபக்கக் கதவு சாய்வாகவும் தெரிந்தால், குற்றம் பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டுக் கோணலில்தான் இருக்கும். அதைச் சரிசெய்த பிறகு இரண்டு பக்கமும் சம அளவில் உள்ளே சாயும். அப்போதுதான் Pitch-க்கு வேலை.

என்னைப் பிடித்து ஆட்டியது இதுவல்ல. ஹாலில் சரியாக அமைந்த அளவு சமையலறை வாசலில் பொய்த்துப்போனது. நடப்பவன் ஒரே சாய்வில் நடப்பதில்லை. படியைப் பார்த்துக் குனிகிறான், அலமாரியைக் காட்ட நிமிர்கிறான். ஆகவே முழு வீடியோவுக்கும் ஒரே எண் கொடுத்தால் பாதி இடத்தில் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். இந்த இடத்தில் இந்த அளவு என்று குறித்து வைக்கும் புள்ளிக்குக் கீஃப்ரேம் என்று பெயர். முதல் தடவை நான் பத்து ஃபிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வைத்துத் தொலைத்தேன். ஓடவிட்டுப் பார்த்தால் சுவர்கள் கடலில் மிதப்பது போல அசைந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சாய்வு கண்ணுக்குத் தெரியும்படி மாறுகிற இடங்களில் மட்டும் வைத்தேன். இரண்டு நிமிட வீடியோவுக்குப் பதினொன்று போதுமாக இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் பாதையை மென்மையாக வளைத்துவிட்டேன். இடையில் ஒரு டிகிரி பிசகினால் யாரும் கவனிப்பதில்லை; சுவர் நகர்ந்தால் எல்லோரும் கவனிப்பார்கள்.

சமையல் மேடையைக் காட்டக் கைபேசி நன்றாகவே குனிகிற இடத்தில் எதையும் நிமிர்த்தவில்லை. பார்ப்பவருக்கும் தாம் கீழே பார்க்கிறோம் என்று தெரியும். அங்கே கோடுகளை வலிந்து நேராக்கினால் மேடை அடிப்பக்கம் வீங்கிவிடும். நடைவழியின் தரை ஓரங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதையும் நான் தொடுவதில்லை. அது ஆழம், பிழையல்ல.

ஹாலில் ஒரு வட்டச் சுவர்க்கடிகாரம் இருந்தது. Pitch கொடுத்தபின் பார்த்தால் அது சற்று அமுங்கிய வட்டமாகியிருந்தது. நிமிர்த்தும்போது உயரமும் சுருங்குகிறது, அறை குள்ளமாகிறது. Zoom-இன் இரு அச்சுகளையும் பிணைத்திருக்கும் சங்கிலியை எடுத்துவிட்டு, உயரத்தை மட்டும் மூன்று சதவீதம் கூட்டியதும் கடிகாரம் வட்டமானது. அறையில் கடிகாரம் இல்லையென்றால் சதுரமான டைல்ஸையோ சுவிட்ச் பலகையையோ பார்ப்பேன். படத்தின் நடுவில் இருக்கும் பொருளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓரத்தில் இருப்பதை லென்ஸே இழுத்திருக்கும்.

அடுத்தது வெளிச்சம். 41-ஆவது வினாடியில் பால்கனிக் கதவு சட்டகத்துக்குள் வருகிறது. கைபேசி உடனே வானத்துக்குப் பயந்து எக்ஸ்போஷரைக் குறைக்கிறது. ஹால் சுவர் ஒரு வினாடிக்குள் இருண்டுபோகிறது. வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தில் அந்த வெள்ளைச் சுவர் 65-இல் இருந்து 40-க்கு இறங்கியதைப் பார்த்தேன். வீடு முழுக்க ஒரே வெள்ளைப் பெயின்ட் என்பதால் அந்தச் சுவரையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். சரிவு தொடங்கும் ஃபிரேமில் ஒரு கீஃப்ரேம், முடியும் ஃபிரேமில் ஒன்று. இரண்டே வைத்தால் நடுவில் சுவர் ஒருமுறை மூச்சு விடுவது போல மினுங்கியது. கைபேசி ஒரே வேகத்தில் இருட்டவில்லை என்பதுதான் காரணம். நடுவில் இன்னொன்று வைத்ததும் அடங்கியது.

ஆனால் 40-ஐ முழுவதுமாக 65-க்கு ஏற்றவில்லை. ஏற்றிப் பார்த்தேன்: சோபாவின் நிழலில் புள்ளிகள் கொதித்தன, வெளியே இருந்த வேப்பமரம் வெளிறிவிட்டது. வெள்ளையாக வெந்துபோன வானத்தில் மீட்க எதுவும் இல்லை. எனவே 52 அளவில் நிறுத்தி, ஒரு வினாடியில் நடந்த இறக்கத்தை மூன்று வினாடிக்குப் பரப்பினேன். வெயிலை நோக்கி நடக்கும்போது நம் கண்ணுக்கும் வீட்டுக்குள் இப்படித்தான் மெல்ல இருட்டும். கூடவே சுவரின் நிறமும் தாவியது. கைபேசி வெள்ளைச் சமநிலையையும் சேர்த்து மாற்றியிருக்கிறது. அதற்கும் அதே மூன்று இடங்களில் கீஃப்ரேம் வைத்து இழுத்துப் பிடித்தேன்.

அனுப்பியதும் தரகருக்கு மகிழ்ச்சி. அந்தப் பையனை அழைத்து மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு, கைபேசியை நெஞ்சளவில் பிடித்து, கதவுச் சட்டம் கோட்டோடு ஒட்டிப்போகும்படி நடக்க வேண்டும். ஹாலின் சுவரை விரலால் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். பால்கனிக்குத் தனியாக ஒரு ஷாட்.

அடுத்த வாரம் வந்த வீடியோவில் ஒரு கோடுகூடச் சாயவில்லை. தரகர்தான் மறுபடி அழைத்தார். "எல்லாம் சரி தம்பி, ஃபேனும் ஃபால்ஸ் சீலிங்கும் எங்கே?" நெஞ்சளவில் நேராகப் பிடித்தால் சாதாரண லென்ஸில் பத்தடி உயரக் கூரை எட்டாது. கூரைக்கு மூன்று வினாடி தனி ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.