இரண்டு எஸ்ஓபியில் எதை அனுப்புவது?

நான் பல் மருத்துவர். பிரிட்டனில் பொதுச் சுகாதார முதுகலைக்கு விண்ணப்பித்தபோது, இந்தப் படிப்பு எனக்கு எதற்கு என்று விளக்கும் எஸ்ஓபி என்ற நோக்க அறிக்கை, முழுதாக எழுதி முடித்தவை இரண்டு கையில் இருந்தன. ஒன்று, பாக்குப் பழக்கத்தால் வாயைத் திறக்கவே முடியாமல் வந்த ஓர் இளைஞரைப் பற்றியது. மற்றொன்று, தருமபுரி மாவட்டப் பள்ளி முகாமில் பார்த்த கறை படிந்த பற்களைப் பற்றியது. படித்த நண்பர்கள் எல்லோருக்கும் முதலாவதுதான் பிடித்தது. எழுத்தாக அதுதான் மேல், சந்தேகமில்லை.

பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஒவ்வொரு படிப்புக்கும் ‘புரோகிராம் ஸ்பெசிஃபிகேஷன்’ என்று ஓர் ஆவணம் வெளியிடும். விளம்பரப் பக்கத்தின் பளபளப்பு அதில் கிடையாது. படிப்பின் நோக்கங்கள் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரைவிலும் சான்றாக நிற்கும் வாக்கியத்தைத் தேடினேன். நோக்கத்தையே திருப்பிச் சொல்லும் வாக்கியத்துக்கு மதிப்பெண் இல்லை என்பது நானே வைத்துக்கொண்ட விதி.

மக்கள்தொகை அளவில் நோயை அளப்பது முதல் நோக்கம். இளைஞரின் கதையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் நல்ல மருத்துவர் என்பதை அது அழகாகக் காட்டியது. ஆனால் இந்தப் படிப்பு அதைக் கேட்கவேயில்லை. முகாம் வரைவிலோ, ஃபுளோரைடு மிகுதியால் வரும் கறையைத் தரம் பிரிக்கும் டீன் அளவுகோலில் பற்களை மதிப்பிட்டதும், ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற உச்ச வரம்பைத் தாண்டிய ஊர்களோடு அதை ஒப்பிட்டதும் இருந்தன.

அடுத்தது, ஆதாரங்களை விமர்சன நோக்கில் ஆராய்வது. முகாம் வரைவு இங்கே, “எனக்கு ஆராயும் திறன் உண்டு” என்று மட்டும் சொன்னது. விதிப்படி பூஜ்யம். அதை அடித்துவிட்டு எங்கள் தரவின் ஓட்டையையே எழுதினேன். பல்லின் எனாமல் உருவாகும் சின்ன வயதில் குடித்த தண்ணீர்தான் கறையைத் தீர்மானிக்கிறது. நாங்கள் அளந்ததோ இன்றைய தண்ணீரை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு பல குடும்பங்களின் குடிநீரே மாறியிருக்கும். அப்படியானால் எங்கள் ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லும்? இந்தப் பத்தி வந்ததும் வரைவுக்கே எலும்பு வந்த மாதிரி இருந்தது.

சமூகக் காரணிகள் என்ற நோக்கத்தில் முதல் வரைவுதான் ஜெயித்தது. இரவு முழுக்கச் சுமை தூக்கும் இளைஞர் தூக்கத்தை விரட்டப் பாக்கு மென்றார் என்ற வரி அதில் இருந்தது. அதைப் பெயர்த்து ஒட்டினால் இரண்டு கதைகளாகிவிடும். எனவே, கேன் தண்ணீர் வாங்க முடிந்த வீடு, முடியாத வீடு என்ற வேறுபாட்டை முகாம் வரைவிலேயே விரித்தேன்.

குறைந்த வளத்தில் சுகாதாரத் திட்டம் வகுப்பது கடைசி நோக்கம். அதற்கு இரண்டிலும் சான்று இல்லை, எனக்கு அனுபவமும் இல்லை. எனவே ‘ஏன் இந்தப் படிப்பு’ என்ற பத்தியை அந்த இடைவெளியில் தொடங்கி, முகாம் வரைவையே அனுப்பினேன்.