பண்டிகை விடுப்பு: ஒரே நாளுக்குப் பதினொரு விண்ணப்பங்கள்

பதினான்கு பேர் கொண்ட, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஒரு பிரிவின் பணிப் பட்டியல் என் கைக்கு வந்த முதல் ஆண்டிலேயே, பண்டிகையை ஒட்டிய மூன்று நாள்களுக்கு பதினொரு பேர் விடுப்புக் கேட்டிருந்தார்கள். யார் முதலில் எழுதிக் கொடுத்தார்களோ அவர்களுக்கே முன்னுரிமை என்று அறிவித்தேன். அது நேர்மையான வழி என்றே உண்மையில் நம்பினேன்.

முதல் கோளாறு என் கணக்கில்தான் இருந்தது. காலையில் மூவர், மாலையில் மூவர், இரவில் இருவர் என ஒரு நாளைக்கு எட்டுப் பேர் தேவை. ஆகவே ஆறு பேரை அனுப்பலாம் என்று முடிவு செய்து, முதல் ஆறு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். பட்டியலை எழுத உட்கார்ந்தபோதுதான், முந்தைய இரவுப் பணியை முடித்து இறங்கும் இருவருக்கு அன்று முழு ஓய்வு தர வேண்டும் என்பது உறைத்தது. உண்மையில் அனுப்பக்கூடியவர்கள் நான்கு பேர்தான். ஐந்தாவது, ஆறாவது ஆள்களிடம் போய்ச் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. "உங்க பேச்சை நம்பித்தான் டிக்கெட் எடுத்தேன் சார்" என்று ஒருவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. எத்தனை இடம் என்பதை எழுதிப் பார்த்து உறுதி செய்யும் வரை ஒருவருக்கும் வாய்மொழியாகக்கூட ஒப்புதல் தராதீர்கள்.

இரண்டாவது கோளாறு இன்னும் ஆழமானது. அறிவிப்பு ஒட்டப்பட்ட வாரத்தில் இரவுப் பணியில் இருந்தவர்கள் அதைப் பார்க்கும்போதே இடங்கள் நிரம்பிவிட்டிருந்தன. முந்தியவருக்கே முதலிடம் என்ற விதி, அந்த வாரம் பகலில் யார் இருந்தார்களோ அவர்களுக்கே சாதகமாக முடிந்தது.

அடுத்த ஆண்டு விண்ணப்பங்களுக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்தேன். அதற்குள் எந்த நாளில் எழுதினாலும் மதிப்பு ஒன்றே. காரணம் கேட்பதையும் நிறுத்திவிட்டேன். காரணம் கேட்டால், யாருடைய குடும்பம் பெரியது என்று எடைபோடும் வேலை நம் தலையில் விழுகிறது, குழந்தை இல்லாதவர்கள் ஆண்டுதோறும் தோற்கிறார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: மூன்று நாளும் கிடைக்காவிட்டால், எந்த நாள் முதலில் வேண்டும், எது இரண்டாவது?

அந்தக் கேள்வி சிக்கலின் பெரும்பகுதியை அவிழ்த்துவிட்டது. அந்த முறையும் பதினொரு பேர்தான். ஆளுக்கு மூன்று நாள் என்றால் முப்பத்து மூன்று, என்னிடம் இருந்ததோ பன்னிரண்டு இடங்கள். ஆனால் பண்டிகை நாளை முதலில் குறித்தவர்கள் ஏழு பேர்தான். மூவர் முந்தைய நாளையும் ஒருவர் மறுநாளையும் குறித்திருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டது அப்படியே கிடைத்தது. மோதல் ஒரே ஒரு நாளில், நான்கு இடங்களுக்கு ஏழு பேர் என்று சுருங்கியது.

அந்த ஏழு பேரில் முந்தைய ஆண்டுப் பண்டிகையன்று பணியில் இருந்த மூவருக்குப் பழைய பட்டியலைக் காட்டி முதலில் கொடுத்தேன். மீதி ஓர் இடத்துக்கு நான்கு பேர். பணி மாறும் நேரத்தில், இரு ஷிஃப்ட்காரர்களும் நிற்கும்போது சீட்டுக் குலுக்கினோம். சீட்டை எடுத்தவர் விடுப்பே கேட்காத ஒருவர். தோற்ற மூவரின் பெயரை அங்கேயே நோட்டில் எழுதி, அடுத்த ஆண்டு இவர்களுக்கே முதலிடம் என்று குறித்தேன். ஒருவருக்கு முந்தைய நாளும் இருவருக்கு மறுநாளும் இரண்டாவது விருப்பமாகக் கிடைத்தன. பதினொரு பேருக்கும் ஒரு நாளாவது கிடைத்தது; ஓர் இடம் மிஞ்சவும் செய்தது.

பட்டியல் ஒட்டிய பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்ள அனுமதித்தேன். அதில் ஓர் எச்சரிக்கை. அனுபவசாலி ஒருவர் புதியவருடன் மாற்றிக்கொண்டதால் ஓர் இரவுக்குப் புதியவர்கள் இருவர் மட்டுமே மிஞ்சும் நிலை வந்தது. நல்ல வேளையாக முந்தைய நாளே கண்ணில் பட்டது. அதன் பிறகு, சமமான அனுபவம் உள்ளவர்கள், இருவரின் கையெழுத்தோடு என்னிடம் காட்டிய பிறகே மாற்றலாம் என்று வைத்தேன்.

எனக்கு நீண்ட நாள் உறுத்தியது வேறொன்று. விடுப்புக் கேட்காத மூவரில் ஒருவர் இந்தப் பண்டிகையைக் கொண்டாடாதவர். "அவருக்குத்தான் தேவையில்லையே" என்று ஆண்டுதோறும் அவரைப் பண்டிகை நாளில் போட்டுவிட்டு, அதைச் சுமையாகவே நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. பழைய பட்டியல்களைப் புரட்டியபோது தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவர் பெயர் இருந்தது. அவற்றையும் நோட்டில் ஏற்றினேன். சில மாதம் கழித்து, அவர் தம் பண்டிகைக்கு இரண்டு நாள் கேட்டார். அதே நாள்களை வேறு இருவரும் கேட்டிருந்தார்கள். நோட்டைத் திறந்து வைத்தேன். இருவரும் படித்துப் பார்த்துவிட்டு, தங்கள் விண்ணப்பத்தில் தேதியை அவர்களே மாற்றி எழுதிக் கொடுத்தார்கள்.