ஒரு ஸ்டாருக்கு எழுதிய பதில்

நேற்று ராத்திரி எங்க வேளச்சேரி டிபன் கடைக்கு கூகுளில் ஒரு ஸ்டார். "பார்சல் சாம்பார் புளிச்சுப் போச்சு. போன் பண்ணா யாரும் எடுக்கல."

நான் முதலில் தட்டியது: "மத்தியானம் வாங்கி ராத்திரி சாப்பிட்டா நாங்க என்ன சார் பண்றது?" தம்பி போனைப் பிடுங்கிட்டான். அவர் எப்போ வாங்கினார்னு ஊருக்குச் சொல்றது நம்ம வேலையா? படிக்கிறவங்களுக்கு கடைக்காரன் சண்டைக்கு நிக்கிறதுதான் தெரியும்.

கடை போனைப் பார்த்தா ரெண்டு மிஸ்டு கால், நிஜம்தான். காலையில் போட்டது இது:

"வணக்கம் சார். சாம்பார் புளித்திருந்தால் கோபம் வரத்தான் செய்யும். போனை எடுக்காதது எங்கள் தவறு, மன்னிக்கவும். பில் படத்தைக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். இன்று மாலை 6 மணிக்குள் நானே கூப்பிடுகிறேன். – கடை உரிமையாளர்"

"ஆனால்" வராம எழுதத்தான் அரை மணி நேரம் ஆச்சு. பணம் திருப்பித் தர்றதைப் பத்தி அங்கே மூச்சு விடல, அது போனில் பேசிக்கிறது. ரிவ்யூவை எடுத்தா காசுன்னு பேரம் பேசறது கூகுள் விதிப்படியே தப்பு.

5.20க்கு பில் வந்துச்சு. பேசினா, சாம்பாரை விட போன் எடுக்காததுதான் அவருக்குக் கோபம்.