அடித்து எழுதிய தொகை

பழைய டைரியில், வேலையை விட்ட பிறகு வாழ 'இது போதும்' என்று ஒரு தொகையை வட்டமிட்டிருந்தேன். பக்கத்திலேயே அதை அடித்துவிட்டு இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. மனசு கனத்துவிட்டது.

வருடச் செலவைப்போல 25 மடங்கு சேர்ந்தால் போதும் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. அன்று சம்பளம் 100 என்றால் செலவு 80, சேமிப்பு 20. இலக்கு 2,000. இன்று சம்பளம் 150, செலவு 130. சேமிப்பு அதே 20தான், இலக்கோ 3,250! கூடுதலாக 50 சம்பாதித்து, இலக்கை நானே தூரத் தள்ளியிருக்கிறேன்.

பெரும்பகுதி புது வீட்டின் தவணைக்குப் போகிறது. ஆறே மாதத்தில் வீடு பழகிவிட்டது. சந்தோஷமும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. தவணை மட்டும் இன்னும் பல வருடம் இருக்கிறது.

இந்த முறை தொகை எழுதவில்லை. எந்தச் செலவை நிறுத்தினால் உண்மையிலேயே வலிக்கும் என்று எழுதினேன். மூன்று வரிதான் வந்தது.