43ஆவது வரியில் வரும் ‘நான்’

பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் ஷெல்லியின் மேலைக்காற்றுப் பாடலைப் பல வருடங்களாக நடத்துகிறேன். 1819 இலையுதிர்காலத்தில், ஃப்ளாரன்ஸில் ஆர்னோ ஆற்றங்கரைத் தோப்பில் உருவான பாடல். ‘வாழ்க்கையின் முட்கள்மேல் விழுகிறேன், இரத்தம் கசிகிறது’ என்ற இடம் வந்ததும் பாடத்தை நிறுத்துவேன். முந்தைய வருடம் ஷெல்லியின் மகளும், அந்த ஜூனில் மகனும் இறந்துபோனதைச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியே போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், மூணு பகுதியா காத்தைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ஒவ்வொண்ணும் ‘கேள்’னுதான் முடியுது. எதைக் கேக்கணும்னு சொல்லவே இல்லையே?”

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு பென்சிலோடு உட்கார்ந்தேன். மொத்தம் 70 வரி, பகுதிக்கு 14 வீதம் ஐந்து பகுதி. முதல் மூன்று பகுதிகளும் நம் இலக்கணப்படி பார்த்தால் வெறும் விளி. இலைகளை விரட்டுகிறவனே, மேகங்களைச் சுமக்கிறவனே, கடலைப் பிளக்கிறவனே என்று அழைப்பு நீள்கிறது. கடலடிச் செடிகள்கூட அந்தக் குரல் கேட்டுப் பயத்தில் வெளிறுகின்றன. மருட்கையும் அச்சமும் ஒன்றாகக் கலந்த நிலை இது. ஆங்கிலத்தில் ‘சப்ளைம்’ என்பது இதைத்தான். இந்த 42 வரிகளில் ‘நான்’ ஒரு தடவைகூட இல்லை.

43ஆவது வரியில்தான் வருகிறது: ‘நான் ஓர் உதிர்ந்த இலையாக இருந்தால்…’

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ஒருவரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டால், அவர் திரும்பிப் பார்க்கும்போது நமக்கு என்ன வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். சொல்ல வாயெடுத்தால் நாம் யார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ஷெல்லி காற்றை அளந்த அதே இலை, மேகம், அலையை எடுத்துத் தன்னை அளக்கிறார். எதுவாகவும் அவரால் இருக்க முடியவில்லை. சிறுவயதில் காற்றோடு போட்டியிட்டு ஓடியவன், இன்றைக்குத் தேவை முற்றிப்போய்த்தான் இப்படி மன்றாடுகிறான் என்று ஒப்புக்கொள்கிறார். முட்கள் வரி அதற்கு அப்புறம்தான். பிள்ளைகளின் சாவு அதன் பின்னால் இருக்கலாம். ஆனால் அந்த வரி அங்கே வந்து நிற்பதற்குக் காரணம் முதல் 42 வரிகள். நான் அவற்றை வேகமாகத் தாண்டி, சோகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் முதல் மணிநேரத்தில் வாழ்க்கை வரலாறு சொல்வதில்லை. ‘நான்’ எங்கே வருகிறது என்று தேடி வட்டமிடச் சொல்கிறேன். அப்புறம் ஐந்தாம் பகுதிக்குப் போகிறோம். ‘என் செத்த எண்ணங்களை உதிர்ந்த இலைகளைப்போல ஓட்டிச் செல்’ என்கிறார். போன வாரம் அந்த இடத்தில் ஒரு பையன் பக்கத்தைத் திருப்பி முதல் பகுதிக்குப் போய், அங்கே பறக்கும் இலைகளுக்கும் இதற்கும் பென்சிலால் ஒரு கோடு இழுத்தான்.