கையை விரித்தபடி நின்ற நாற்பது பேர்

எங்கள் ஷூட்டர் கேமில் குண்டு பட்டதா என்று முடிவு செய்ய சர்வர் பார்க்கும் ஹிட்பாக்ஸ்களை முதன்முதலாகத் திரையில் வரைந்து பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. ஆட்டத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள், குனிகிறார்கள், துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்க்கிறார்கள். சர்வரிலோ 40 பேரும் கைகளைப் பக்கவாட்டில் விரித்து, துணிக்கடைப் பொம்மை போல விறைப்பாக வழுக்கிக்கொண்டு போனார்கள். தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் சுட்டால், கையில் பட்டதாகக் கணக்கு ஏறியது.

காரணம் எளிது. அன்ரியல் எஞ்சினில் `VisibilityBasedAnimTickOption` என்று ஓர் அமைப்பு உண்டு. பாத்திரம் திரையில் தெரிந்தால் மட்டும் போஸைக் கணக்கிடு என்று அதை வைத்திருந்தோம். டெடிகேட்டட் சர்வருக்குத் திரையே கிடையாது. அதனால் அங்கே எலும்புகள் மாடல் செய்த நாளில் இருந்த நிலையிலேயே நின்றுவிட்டன. `AlwaysTickPoseAndRefreshBones` என்று மாற்றியதும் பொம்மைகள் உயிர் பெற்றன. ஆனால் செகண்டுக்கு 60 முறை ஆட்டத்தைக் கணக்கிடும் 60 டிக் சர்வரில் ஒரு டிக்குக்குக் கிடைப்பதே 16.7 மில்லி செகண்ட். அதில் கிட்டத்தட்ட 6 மில்லி செகண்டை அனிமேஷன் மட்டுமே தின்றது. ஒரே மெஷினில் பல ஆட்டங்களை ஓட்டியாக வேண்டும் என்பதால், மாற்றியதை அன்று மாலையே பழையபடி வைத்தேன்.

வேலரண்ட் கேமை உருவாக்கிய ரயட் பொறியாளர்கள் 2020ல் இதே சிக்கலைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவர்களுடையது 128 டிக் சர்வர், நெருக்கடி எங்களைவிட அதிகம். நான்கு ஃப்ரேமுக்கு ஒரு முறை மட்டும் அனிமேஷனை ஓட்டி, சுட்டவர் திரையில் பார்த்த நேரத்துக்கு ரீவைண்ட் செய்யும்போது சேமித்த இரண்டு போஸ்களுக்கு இடையே கலந்து எடுத்தார்கள். எங்கள் 40 பேருக்கு அதுவும் அதிகம் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், சர்வருக்கு ஒருவரின் போஸ் தேவைப்படுவது யாரோ சுடும் அந்தக் கணத்தில்தான். அதுவும் குண்டு போகும் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருடைய போஸ் மட்டும்.

எனவே அனிமேஷனை சர்வரிலிருந்து முழுக்க எடுத்துவிட்டு ஓர் அட்டவணை செய்தோம். நிற்பது, குனிவது, படுப்பது என மூன்று நிலைகள். ஒவ்வொன்றிலும் பார்வை நேர் கீழிருந்து நேர் மேல் வரை 45 டிகிரிக்கு ஒன்றாக 5 போஸ்கள். மொத்தம் 15 போஸ், ஒவ்வொன்றிலும் உடல் பாகங்களை மூடும் மாத்திரை வடிவ ஹிட்பாக்ஸ்கள், அதாவது கேப்சூல்கள், 15. எடிட்டரில் அனிமேஷனை ஓட்டி இடங்களைப் பதிவு செய்தால் எல்லாம் சேர்ந்து ஆறேழு கிலோபைட்தான். சுடும்போது முதலில் ஆளைச் சுற்றியுள்ள ஒரு பெரிய கேப்சூலில் கோடு படுகிறதா என்று பார்க்கிறோம். பட்டால் மட்டுமே அட்டவணையிலிருந்து போஸை எடுத்து, அவர் பார்வைக் கோணத்துக்கு ஏற்ப இரண்டு போஸ்களைக் கலந்து சரிபார்க்கிறோம். அந்தப் பெரிய கேப்சூலைக் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் சுவரோரம் சாய்ந்து எட்டிப் பார்ப்பவரின் தலை அதற்கு வெளியே போய்விடும், அவரை யாராலும் சுடவே முடியாது.

கலப்பதில் பிழை வரத்தான் செய்யும். மேலும் கீழும் பார்க்கும்போது தலை இடுப்பைச் சுற்றி வளைவாக நகர்கிறது, நாமோ நேர்கோட்டில் கலக்கிறோம். இடுப்பிலிருந்து தலை 50 செ.மீ. தூரம், முழு வளைவும் இடுப்பிலேயே நடக்கிறது என்று வைத்தாலும் பிழை 4 செ.மீ.க்குள்தான். தலை ஹிட்பாக்ஸின் ஆரம் 12 செ.மீ. என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கால்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஓடும்போது எந்தக் கால் முன்னே இருக்கிறது என்பதை ஒவ்வொரு கிளையன்ட்டும் தன்னிஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. உங்கள் திரையில் இடதுகால், என் திரையில் வலதுகால். சர்வர் முழு அனிமேஷனை ஓட்டினாலும் அது மூன்றாவது ஒரு கால்தான். அதனால் கால்களுக்குக் கொஞ்சம் அகலமான கேப்சூல் வைத்து முடித்துக்கொண்டோம். தலைக்கு நான்கு மடங்கு சேதம், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

அப்புறம்தான் குனிவது எங்களைப் படுத்த ஆரம்பித்தது. டெஸ்ட்டிங்கில் இருந்த பையன் வந்து, "அண்ணா, குனியுறப்ப சுட்டா தலைக்கு மேல போயிடுது. நான் தலையிலதான் சுட்டேன்" என்றான். அவன் பிங் 80, அதாவது ஒரு வழிக்கு 40 மில்லி செகண்ட். அதற்கு மேல் கிளையன்ட் மற்றவர்களை 100 மில்லி செகண்ட் தாமதமாகக் காட்டுகிறது, அசைவு வெட்டாமல் இருக்க. ஆக அவன் பார்ப்பது 140 மில்லி செகண்டுக்கு முந்தைய இடம். சர்வர் அந்த நேரத்துக்கு ரீவைண்ட் செய்துதான் சரிபார்க்கும். ஆனால் நாங்கள் வரலாற்றில் சேமித்தது இடத்தை மட்டும். நிற்கிறாரா குனிந்திருக்கிறாரா என்பதை, ரீவைண்ட் செய்யாமல், குண்டுச் செய்தி சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்து மதிப்பிலிருந்து எடுத்தோம்.

சரி, நிலை மாறிய நேரத்தையும் சேமித்தோம். குனிவதற்கு அனிமேஷன் 0.2 செகண்ட் எடுப்பதால் அதையும் கணக்கில் சேர்த்தோம்.

```
float A = Clamp((RewindTime - CrouchTime) / 0.2f, 0.f, 1.f);
HeadPos = Lerp(StandPose.Head, CrouchPose.Head, A);
```

இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தான். "இப்ப படுது அண்ணா, ஆனா தலையில சுட்டா உடம்புன்னு வருது."

இந்த முறை ஊகிக்காமல் அளந்தோம். சுடும்போது தன் திரையில் எந்த பாகத்தில் பட்டது, அது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை கிளையன்ட் அனுப்பட்டும், சர்வர் தன் கணக்கோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கட்டும் என்று செய்தேன். தீர்ப்பு சர்வருடையதுதான், கிளையன்ட் சொல்வதை நம்பினால் ஏமாற்றுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நின்றவர்களிடம் வித்தியாசம் 3 செ.மீ. அளவில் இருந்தது. குனிபவர்களிடம் 25 செ.மீ. வரை போனது, எப்போதும் ஒரே பக்கமாக.

ஒரு குண்டை மட்டும் எடுத்துப் பின்தொடர்ந்தேன். எதிராளி குனிந்த நேரத்தை 0 என்று வைத்துக்கொள்வோம். செய்தி பையனின் கணினிக்கு 40வது மில்லி செகண்டில் வருகிறது. இடத்துக்கு 100 மில்லி செகண்ட் தாமதம் உண்டு. ஆனால் குனிந்த செய்தி வந்த உடனேயே எங்கள் கோட் அனிமேஷனைத் தொடங்கிவிட்டது! அவன் 140ல் சுடும்போது திரையில் பாதி குனிந்தாயிற்று. நிற்பவர் தலை 165 செ.மீ., குனிந்தவர் தலை 115 செ.மீ., ஆக அவன் பார்ப்பது 140 செ.மீ. உயரத்தில் ஒரு தலை. சர்வர் ரீவைண்ட் செய்வதோ 0 என்ற நேரத்துக்கு, அங்கே தலை இன்னும் 165ல். குண்டு நெஞ்சில் போய் நின்றது. அவன் திரையில் தெரிந்த ஆள் ஒரு நேரத்தின் இடத்தில் இன்னொரு நேரத்தின் உடம்போடு இருந்தார்.

திருத்த வேண்டியது சர்வரையே அல்ல. குனிந்த செய்தியையும் இடத்தைப் போலவே 100 மில்லி செகண்ட் வரிசையில் போட்டோம். பத்து வரி மாற்றம்தான். குனிபவர்களின் வித்தியாசம் 4 செ.மீ.க்கு இறங்கியது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. வெற்றி பெற்றவர் ஆடும் நடனத்துக்கு அட்டவணையில் போஸ் கிடையாது. திரையில் இடுப்பை வளைத்து ஆடுபவர், சர்வரில் விறைப்பாக நிற்கிறார். ஆடும் தலையைக் குறிபார்த்தால் படாது, அது நின்றிருக்க வேண்டிய வெற்றிடத்தில் சுட்டால் படும். பையன் இதைக் கண்டுபிடித்து யாருக்கும் சொல்லாமல் ஒரு வாரம் எங்களையெல்லாம் வீழ்த்திக்கொண்டிருந்தான்.